யாரிடம் சொல்வது? பணியாளர் கையேட்டில் ஒரு பக்கம்

வேலையில் சேரும் நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கையேட்டைத் தருவார்கள். வேலை நேரம், விடுப்பு, பி.எஃப்., அடையாள அட்டை எல்லாம் முடிந்த பிறகு ‘நடத்தை நெறிகள்’ என்று ஒரு பகுதி வரும். அதன் நடுவில் எங்கோ இப்படி ஒரு பத்தி இருக்கும்:

“நிறுவனத்தின் மாண்பிற்கும் நற்பெயருக்கும் குந்தகம் விளைவிக்கும் வகையிலான பாலியல் ரீதியான தகாத நடத்தைகள் உரிய வழிமுறைகளின் மூலம் நிர்வாகத்தின் கவனத்திற்குக் கொண்டுவரப்படும் பட்சத்தில், தக்க விசாரணைக்குப் பின் நடவடிக்கை மேற்கொள்ளப்படும். பொய்ப் புகார் அளிப்போர் மீது கடும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.”

சொற்கள் கொஞ்சம் மாறலாம், பத்தி இதுதான். திருப்பூர்ப் பக்கம் நானூறு பேர் வேலை செய்கிற ஒரு பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். தையல் லைனில் இருக்கும் ஒரு பெண், மெஷின் பழுது பார்க்கும் சாக்கில் சூப்பர்வைசர் மேலே சாய்ந்து உரசிவிட்டுப் போன அன்று இரவு, ஹாஸ்டல் அறையில் இந்தக் கையேட்டைப் புரட்டுகிறாள். அவளுக்கு வேண்டியது ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும். அவள் கையில் இருக்கும் பத்தியிலோ ஒரு ஆள்கூட இல்லை. யார் கவனத்திற்குக் கொண்டுபோவது, எந்த வழிமுறை, எத்தனை நாளில் என்ன நடக்கும் என்று எதுவும் இல்லை. தெளிவாகச் சொல்லப்பட்ட ஒரே விஷயம் புகார் கொடுப்பவருக்குக் கிடைக்கக்கூடிய தண்டனை. அவள் கையேட்டை மூடிவைத்துவிடுவாள்.

இந்தப் பத்தியைத் திருத்தி எழுதுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இதற்கான சட்டம் நம்மிடம் இருக்கிறது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டித் தொடரப்பட்ட விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. அவற்றின் வழியில் 2013இல் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. அலுவலகங்களில் ‘போஷ் சட்டம்’ என்று சொல்வது இதைத்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது அது. அமைக்கத் தவறினால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தில் இருக்கும் நல்ல பல பாதுகாப்புகள் கையேட்டுக்கு வந்து சேரும்போது காணாமல் போகின்றன. அங்கேதான் எழுதுகிறவரின் வேலை தொடங்குகிறது.

வரிசையை மாற்றுவது முதல் வேலை. பெரும்பாலான கையேடுகள் நிறுவனத்தின் கொள்கையில் தொடங்கி, சட்டத்தின் வரையறைக்குப் போய், குழுவின் அதிகாரங்களைச் சொல்லி, கடைசியில்தான் புகார் செய்யும் முறைக்கு வருகின்றன. வக்கீல் படிப்பதற்கு அந்த வரிசை சரி. பயந்துபோய்ப் படிக்கிறவருக்கு அது தலைகீழ். பக்கத்தின் மேல் பகுதியிலேயே இப்படி இருக்க வேண்டும்: “உங்களிடம் யாராவது பாலியல் நோக்கத்தோடு தவறாக நடந்துகொண்டால், கீழே உள்ளவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் நேரிலோ போனிலோ சொல்லலாம். சூப்பர்வைசரின் அனுமதி தேவையில்லை. எச்.ஆர். வழியாக வரவேண்டும் என்பதும் இல்லை.” அதன் கீழே குழு உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயர், வேலை செய்யும் பிரிவு, ஷிப்ட், பேசும் மொழி, கைபேசி எண்.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது. தலைவராக ஒரு மூத்த பெண் ஊழியர், ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு உறுப்பினர்கள், தொண்டு நிறுவனத்திலிருந்தோ இந்தப் பிரச்சினையில் பரிச்சயம் உள்ளவர்களிலிருந்தோ வெளியாள் ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். அந்த வெளி உறுப்பினரின் எண்ணைக் கையேட்டில் போடாமல் விடுவது நான் அடிக்கடி பார்க்கும் குறை. கம்பெனிக்குள் இருக்கும் எல்லோரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள் என்று ஒரு தொழிலாளி நினைத்தால், அவர் பேசத் துணியும் ஒரே ஆள் அந்த வெளியாளாகத்தான் இருக்கும்.

‘முதலில் உங்கள் மேலதிகாரியிடம் தெரிவிக்கவும்’ என்ற வரி எந்தக் கையேட்டில் இருந்தாலும் அதை அடித்துவிட வேண்டும். லீவு கேட்கவும் மெஷின் பழுதைச் சொல்லவும் சரியான வழி இதற்குப் பொருந்தாது. தையல் லைனில் ஓவர்டைம் தருவதும், டார்கெட் வைப்பதும், கழிவறைக்குப் போக விடுவதும் சூப்பர்வைசர்தான். தொல்லை கொடுப்பவரும் அவராகவே இருந்தால் அந்தக் கதவு முதலிலேயே அடைபட்டுவிடும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன் பின் 2022இல் தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும் துணி வாங்கும் பன்னாட்டு நிறுவனமும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தில், வேலைத் தளத்திலேயே தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நடப்பதைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொல்வது எளிது என்ற உண்மையின் மேல் கட்டப்பட்ட ஏற்பாடு அது. அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கும் இடத்தில் அவர்களின் பெயரும் பக்கத்தில் வரவேண்டும்.

பெயர்களுக்கு அடுத்தபடியாக, எது துன்புறுத்தல் என்பது. உடலைத் தொடுதல், பாலியல் இணக்கம் கேட்டல், பாலியல் பேச்சு, ஆபாசப் படம் காட்டுதல், விரும்பாத வேறு எந்தப் பாலியல் நடத்தையும் என்று ஐந்து வகைகளைச் சட்டம் சொல்கிறது. இதை அப்படியே எடுத்துப் போட்டால் படிப்பவர் தன் அனுபவம் இதில் சேருமா என்று யோசித்துக்கொண்டே இருப்பார். அந்த வேலையிடத்திலேயே நடக்கக்கூடியவற்றை எழுத வேண்டும்: நூல் மாற்றித் தருகிறேன் என்று மேலே சாய்வது, ஓவர்டைம் வேண்டுமென்றால் தனியாக வந்து பார் என்பது, ராத்திரியில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது, நடந்து போகும்போது உடம்பைப் பற்றி இரட்டை அர்த்தத்தில் பேசிச் சிரிப்பது. வேண்டாம் என்று அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பது அவசியம். பயத்தில் வாயடைத்து நின்றவர்கள் அதையே தங்கள் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள்.

எது இதில் சேராது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. பீஸ் குறைந்ததற்காகக் கத்துவது, சாதியைச் சொல்லித் திட்டுவது, சம்பளத்தைப் பிடிப்பது எல்லாம் தவறுகள்தான், ஆனால் இந்தக் குழுவின் விசாரணைக்குள் வராதவை. அவற்றுக்கு யாரிடம் போக வேண்டும் என்று பக்கத்து வரியிலேயே எழுத வேண்டும். அதேபோல, இந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கும் உரிமை பெண்களுக்கு. ஆண்களும் திருநர்களும் இதே தொல்லைக்கு ஆளானால் விசாரிப்போம் என்று நிறுவனம் தன் சொந்த விதியாக வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும். எது சட்டம் தருவது, எது நிறுவனம் தானாகத் தருவது என்று பிரித்து எழுதினால் பின்னால் குழப்பம் வராது. தினக்கூலி, காண்ட்ராக்ட் தொழிலாளி, பயிற்சியாளர் எல்லோரும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். கம்பெனி பஸ்ஸில் நடந்ததும் பணியிடத்தில் நடந்ததாகவே கொள்ளப்படும். ஹாஸ்டலையும் சேர்த்து, இவற்றை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

கையேடுகள் அதிகம் தவறும் இடம் கெடு. சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்துவந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் குழு அதைப் பதிவுசெய்து மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ‘உரிய காலத்திற்குள்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. தேதியோடு எழுதுங்கள்: “மார்ச் 10 அன்று நடந்திருந்தால் ஜூன் 10க்குள் கொடுங்கள். பலமுறை நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தள்ளிப்போயிருந்தாலும் வாருங்கள், காரணத்தைச் சொன்னால் குழு நேரத்தை நீட்டிக்க முடியும்.”

எழுத்தில் தர வேண்டும் என்றதுமே பலர் ஒதுங்கிவிடுவார்கள். எழுத முடியாதவருக்கு எழுதித் தர உதவுவது குழுவின் கடமை என்று சட்டமே சொல்லியிருக்கிறது. ஆறு பிரதிகள், சாட்சிகளின் பெயர், முகவரி என்று விதிகள் கேட்பதைக் கையேடு அப்படியே மிரட்டலாகச் சொல்லக் கூடாது. “நீங்கள் சொல்லச் சொல்ல உறுப்பினர் எழுதி, உங்களுக்குப் படித்துக்காட்டுவார். சரியாக இருந்தால் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். பிரதி எடுக்கும் வேலை எங்களுடையது” என்று எழுதினால் அந்தச் சுமை இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்விடும். குழு உறுப்பினரிடம் வெறுமனே பேசிப் பார்ப்பதே புகாராகிவிடாது என்பதையும் சேர்க்கலாம். முதல் நாளிலேயே முடிவெடுத்துவிட்டு வருபவர்கள் குறைவு.

அடுத்து ரகசியம். ‘உங்கள் புகார் முற்றிலும் ரகசியமாக வைக்கப்படும்’ என்ற வரி ஆறுதலாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. புகார் வந்த ஏழு வேலை நாட்களுக்குள் அதன் பிரதி எதிர்த்தரப்புக்குப் போய்விடும்; அவர் பத்து வேலை நாட்களில் பதில் தர வேண்டும். அவர் தன் பக்கத்தைச் சொல்ல இது தேவை. முற்றிலும் ரகசியம் என்று நம்பி வந்த பெண், அடுத்த வாரம் அந்த ஆள் கையில் தன் புகாரைப் பார்த்தால் கம்பெனி தன்னை ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பாள். எனவே யாருக்குத் தெரியும் என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும்: “உங்கள் புகார் குழுவுக்கும் நீங்கள் குறிப்பிடும் நபருக்கும் தெரியும். சாட்சிகளுக்கு அவர்களைக் கேட்கத் தேவையானது மட்டும் தெரியும். லைனில் இருப்பவர்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ நாங்கள் சொல்ல மாட்டோம். வெளியே சொல்பவர் யாராக இருந்தாலும் அவர்மேல் நடவடிக்கை உண்டு.” வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இளம் தொழிலாளர்களிடம் பெரிது. அந்தக் குடும்பம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள்.

பெயரில்லாத கடிதம் பற்றியும் இதே வெளிப்படைத்தன்மை வேண்டும். புகார்ப் பெட்டியில் போடும் மொட்டைக் கடிதத்தைப் பார்த்து நிர்வாகம் உஷாராகலாம், ஒரு லைனைக் கூடுதலாகக் கவனிக்கலாம். யார் கொடுத்தார் என்று தெரியாமல் முறையான விசாரணை நடத்துவது கடினம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருந்து ஏமாற மாட்டார்கள். பெட்டியின் சாவி யாரிடம், எந்தக் கிழமை திறப்பார்கள் என்பதும் அங்கேயே இருக்கட்டும். கேமராவுக்கு நேர் கீழே மாட்டிய பெட்டியில் யாரும் எதுவும் போட மாட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புகார் கொடுத்த பிறகு என்ன நடக்கும் என்பதற்குத் தேதிகளைப் போட்டுக் காட்டுவதைவிடத் தெளிவான வழி இல்லை. ஜூன் 3 அன்று புகார் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். விசாரணைக்குச் சட்டம் தரும் கெடு 90 நாள். வழக்கமாகப் புகார் பெற்ற நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆக, செப்டம்பர் 1க்குள் விசாரணை முடிய வேண்டும். அடுத்த 10 நாளில், அதாவது செப்டம்பர் 11க்குள், அறிக்கை நிர்வாகத்துக்குப் போகும். இரு தரப்புக்கும் அது கிடைக்கும். அதன்பின் 60 நாளில், நவம்பர் 10க்குள், நிர்வாகம் பரிந்துரையை நிறைவேற்ற வேண்டும். விசாரணையில் இரு தரப்புக்கும் வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. முடிவு பிடிக்காத தரப்பு 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இந்தத் தேதிகள் கையேட்டில் இருந்தால், செப்டம்பர் இரண்டாம் தேதி அந்தப் பெண்ணே போய் ‘என்ன ஆச்சு மேடம்?’ என்று கேட்க முடியும்.

ஐந்து மாதத்துக்கு மேல் நீளக்கூடிய இந்தக் காலத்தில் அவள் அதே சூப்பர்வைசரின் கீழ் தைத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பதுதான் அவளுடைய அடுத்த கேள்வி. அவள் எழுத்தில் கேட்டால் அவளையோ அவரையோ இடம் மாற்றலாம். வழக்கமான விடுப்பு போக மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பு தரலாம். அவளுடைய வேலையை மதிப்பிடும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கலாம். குழு பரிந்துரைத்தால் நிர்வாகம் இவற்றைச் செய்ய வேண்டும். இந்த இடத்தில் ‘நீங்கள் கேட்டால்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும். கேட்காமலேயே அவளை செக்கிங் பிரிவுக்கு மாற்றினால், மற்ற நானூறு பேருக்கும் கிடைக்கும் செய்தி புகார் கொடுத்தவளைத் தூக்கியடித்தார்கள் என்பதுதான். சமரசமும் அப்படியே. அவள் கேட்டால் மட்டுமே பேசலாம், பணம் கொடுத்து முடிப்பது அதன் அடிப்படையாக இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

மேலே காட்டிய பழைய பத்தியின் கடைசி வரிக்கு வருவோம். பொய்ப் புகார் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சட்டத்தில் அதற்குப் பிரிவு இருக்கிறது. குற்றம் சாட்டப்படுபவருக்கும் பாதுகாப்பு வேண்டும். ஆனால் அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: புகாரை நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னார் என்பது தனியாக விசாரித்து நிறுவப்பட வேண்டும். முதல் பாதியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடும் கையேடு சட்டத்தையே தவறாகச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து, பக்கத்தின் கடைசிப் பகுதியில் இப்படி எழுதலாம்: “நடந்ததை உங்களால் நிரூபிக்க முடியாமல் போனால் உங்கள்மேல் நடவடிக்கை வராது. சாட்சி இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். பொய் என்று தெரிந்தே, ஒருவரைக் கெடுக்க வேண்டும் என்று கொடுத்தது தனி விசாரணையில் உறுதியானால் மட்டுமே நடவடிக்கை.”

கம்பெனிக்கு வெளியே உள்ள வழிகளையும் மறைக்கக் கூடாது. புகார் முதலாளி மீதே என்றால், அல்லது பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். போலீசுக்குப் போவதும் அவளுடைய உரிமை. பாலியல் துன்புறுத்தல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவில் குற்றம். குழுவிடம் வந்ததால் போலீசுக்குப் போக முடியாது என்பது இல்லை. அவள் போக விரும்பினால் உதவுவது நிர்வாகத்தின் கடமை. பெண்கள் உதவி எண் 181ஐயும் இங்கே சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு அது புரிகிறதா என்று வக்கீலிடமோ எச்.ஆரிடமோ கேட்டுப் பயனில்லை. அவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும். லைனிலிருந்து ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு, பக்கத்தைக் கையில் கொடுத்து, நடந்ததாக ஒன்றைச் சொல்லிக் கேட்க வேண்டும்: “ராத்திரி ஷிப்டில், பஸ்ஸில் வரும்போது நடந்தது. யாருக்குப் போன் பண்ணுவீங்க? யாருக்கெல்லாம் தெரியும்? நிரூபிக்க முடியலைன்னா உங்களுக்கு என்ன ஆகும்?” அவர்களுடைய சொந்த அனுபவத்தைக் கேட்கக் கூடாது. ‘புரிஞ்சுதா?’ என்றும் கேட்கக் கூடாது, எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். விரலை வைத்துத் தேடிச் சரியான பதிலைச் சொன்னால் அந்த வரி நிற்கட்டும். இரண்டு பேர் ஒரே இடத்தில் தவறாகச் சொன்னால் குற்றம் வரியில்தான்; திருத்தி எழுதி, வேறு ஆட்களிடம் மறுபடி கேளுங்கள். திருப்பூர் ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் தனியாக எழுதி, அதே மொழிக்காரரிடம் இதே சோதனையைச் செய்ய வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு, சேரும் நாளில் பெண் உறுப்பினர் ஒருவர் இந்தப் பக்கத்தை மட்டுமாவது உட்கார்ந்து வாசித்துக்காட்டலாம்.

உறுப்பினர்களின் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்குள்ளேயே சிலர் வேலையை விட்டுப் போவார்கள், எண்ணை மாற்றுவார்கள். அதனால் பெயர்ப் பட்டியலைக் கையேட்டோடு சேர்த்துத் தைக்காமல் தனித் தாளாக வைத்து, அடியில் தேதி போட்டுவிடுவது நல்லது. குழு அமைத்த உத்தரவையும் இந்தக் குற்றத்துக்கான தண்டனையையும் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அந்தத் தாளின் இன்னொரு பிரதி நோட்டீஸ் போர்டுக்குப் போகும். பெண்கள் கழிவறைக் கதவின் உட்பக்கமும் ஒன்று ஒட்டுங்கள். யார் பார்க்கிறார்கள் என்ற பயமில்லாமல் நம்பரைக் குறித்துக்கொள்ள முடிகிற இடம் அதுதான். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் அதில் உள்ள எல்லா எண்களுக்கும் போன் செய்து, எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.